அத்தியாயம் 7: அட்டையின் பின்பக்கம்

பொதட்டூர்ப்பேட்டையிலிருந்து வந்திருந்த அந்த அம்மா மஞ்சள் பையைத் திறந்து மூன்று மருந்துச்சீட்டுகளை மேசையில் வைத்தார். மகளுக்குப் பிரசவம். நியூ ஜெர்சியில் ஆறு மாதம் இருந்துவிட்டு வரவேண்டும்.

"தம்பி, டாக்டருங்க எழுதினதை அப்படியே இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க."

"இது இங்கிலீஷ்லதாம்மா இருக்கு."

"அப்புறம் அங்க இருக்கிற டாக்டருக்குப் புரியலன்னு எம் பொண்ணு சொல்றாளே?"

மகள் சொன்னது சரி. சீட்டில் இருப்பது ஆங்கில எழுத்து, ஆனால் எழுதியிருப்பவை இந்தியக் கம்பெனிகள் தம் மாத்திரைக்கு வைத்த செல்லப் பெயர்கள். அவை கடல் தாண்டாது. இந்த அத்தியாயம் அந்தப் பெயர்களை எப்படி அவிழ்ப்பது என்பதைப் பற்றியது. மொழிபெயர்ப்பு வேலையில் மிகக் குறைந்த சொற்களும் மிக அதிக ஆபத்தும் உள்ள இடம் இதுதான்.

முதலில் சீட்டுகளைப் பாருங்கள். திருத்தணிப் பக்கத்து ஆட்களிடம் ஒரே டாக்டரின் சீட்டு இருப்பது அபூர்வம். 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. இன்றும் சுகருக்குத் திருப்பதி, இதயத்துக்குச் சென்னை, பெரிய வியாதி என்றால் வேலூர் என்று மூன்று திசையிலும் போவார்கள். ஒரு டாக்டர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. அந்த அம்மாவின் சுகர் டாக்டர் எழுதியவை கிளைகோமெட் ஜிபி 2, தைரோநார்ம் 50, பான் டி. இதய டாக்டர் எழுதியவை டெல்மா ஏஎம், எக்கோஸ்பிரின் ஏவி 75, பான்டாசிட் 40. மூன்றாவது, கண்புரை அறுவை முடிந்து தந்த சொட்டு மருந்துச் சீட்டு. இவை போக, காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் என்று பையில் எப்போதும் டோலோ 650.

ஏழு மாத்திரைப் பெயர்கள். அவிழ்த்து முடித்தபோது அவற்றுக்குள் பத்து மருந்துகள் இருந்தன. அதில் ஒன்று இரண்டு முறை வந்திருந்தது.

அவிழ்க்கும் இடம் சீட்டு அல்ல, மாத்திரை அட்டை. அட்டை கையில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். 2018 செப்டம்பர் முதல் இந்தியாவில் மருந்தின் மூலப்பெயரை, கம்பெனி வைத்த பெயரைவிட இரண்டு அளவு பெரிய எழுத்தில் அச்சிடவேண்டும் என்று விதி. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள் சேர்ந்த மாத்திரைகளுக்கும் வைட்டமின் கலவைகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஆகவே பெரிய எழுத்தில் இருப்பது மூலப்பெயர். அதன் கீழே 'ஒவ்வொரு மாத்திரையிலும்' என்று ஆங்கிலத்தில் தொடங்கும் பொடி எழுத்துப் பகுதியில் மருந்துகளும் அளவுகளும் தனித்தனியாக இருக்கும். நமக்கு வேண்டியது அந்தப் பகுதிதான். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள், கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள், எப்படியோ படித்துவிடுங்கள். மருந்துப் பெயர்களின் ஒலிப்பு தெரிவதற்காக இந்த நூலில் தமிழில் தருகிறேன். நீங்கள் எழுதும் தாளில் அட்டையில் உள்ள ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து இறக்குங்கள். கிளிமெபிரைடும் கிளிபிசைடும் வேறு வேறு மருந்துகள்.

இனி கிளைகோமெட் ஜிபி 2. சீட்டில் இருக்கும் '2' எதன் அளவு? மெட்ஃபார்மின் 2 மில்லிகிராம் என்று ஒரு மருந்தே கிடையாது. இந்த அட்டையின் பொடி எழுத்து சொல்வது கிளிமெபிரைடு 2 மில்லிகிராம், மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், அதில் மெட்ஃபார்மின் மெதுவாகக் கரையும் வகை. பெயரில் உள்ள எண் கிளிமெபிரைடை மட்டுமே குறிக்கிறது, 500 பெயரில் எங்கும் இல்லை. 'ஃபோர்ட்டே' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டால் மெட்ஃபார்மின் 1000 ஆகிவிடும். சீட்டில் காலை ஒன்று, இரவு ஒன்று என்றிருந்தது. அதாவது ஒரு நாளைக்குக் கிளிமெபிரைடு 4, மெட்ஃபார்மின் 1000. இந்த நாள் மொத்தத்தையும் தாளில் எழுதிவிடுங்கள். அமெரிக்காவில் இந்த இரண்டையும் ஒரே மாத்திரையாகத் தராமல் தனித்தனியாகத்தான் எழுதுவார்கள். மொத்தம் தெரிந்தால் அந்த டாக்டருக்குக் கணக்குப் போட எளிது.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் இதே மாத்திரைக்கு 'மெட்ஃபார்மின்' என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டேன். கிளைகோமெட் என்றால் மெட்ஃபார்மின் என்பது தெரிந்த சங்கதி, அட்டையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. போன இடத்தில் பாதி மருந்துதான் கிடைத்தது. சுகர் இறங்கவே இல்லை என்று மூன்று வாரம் கழித்து மகன் போன் செய்தார். ஜிபி என்ற இரண்டெழுத்தை நான் அலங்காரம் என்று நினைத்திருக்கிறேன். அதுதான் பாதி மருந்து.

பெயரில் வரும் எண்ணுக்கு எந்த ஒழுங்கும் கிடையாது. எக்கோஸ்பிரின் ஏவி 75 என்றால் 75 ஆஸ்பிரினின் அளவு. கூட இருக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் 10 வெளியே தெரியாது. 20 உள்ள இன்னொரு வகையும் உண்டு, அதன் பெயரில் 75/20 என்று இருக்கும். டெல்மா ஏஎம் என்ற பெயரில் எண்ணே இல்லை, உள்ளே டெல்மிசார்டான் 40, அம்லோடிபின் 5. ஆக்மென்டின் 625 என்பதோ கூட்டுத்தொகை: அமாக்சிசிலின் 500, கிளாவுலானிக் அமிலம் 125. ஒரு பெயரில் எண் முதல் மருந்தைக் குறிக்கும், இன்னொன்றில் இரண்டாவதை, வேறொன்றில் இரண்டையும் கூட்டியதை. எண்ணை வைத்து ஊகிக்கவே கூடாது.

வால் எழுத்துகளும் அப்படித்தான். பான் டி என்பதில் 'டி' டோம்பெரிடோன். அமெரிக்காவில் ஒவ்வாமை மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'டி' வந்தால் அது மூக்கடைப்பை நீக்கும் சூடோஎஃபெட்ரின். இரத்த அழுத்தம் உள்ளவர் அதைக் கேட்காமல் சாப்பிடக்கூடாது. ஒரே எழுத்து, இரண்டு ஊரில் இரண்டு வேலை.

அம்லோடிபினில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பொடி எழுத்தில் 'அம்லோடிபின் பெசிலேட், அம்லோடிபின் 5 மில்லிகிராமுக்குச் சமம்' என்ற பொருளில் அச்சிட்டிருப்பார்கள். பெசிலேட் என்பது மருந்தைச் சுமக்கும் உப்பு. எடுக்கவேண்டிய எண் 'சமம்' என்பதற்குப் பின் வரும் எண். உப்பின் பெயரையும் விட்டுவிடாதீர்கள். அம்லோடிபினில் அது பெரிய வேறுபாடு செய்யாது, மெட்டோப்ரோலாலில் செய்யும். அதில் சக்சினேட் உப்பு ஒரு நாளுக்கு ஒரு முறை சாப்பிடும் மெதுவான மாத்திரையில் வரும். டார்ட்ரேட் உப்பு பெரும்பாலும் இரண்டு வேளை மாத்திரையில் வரும். உப்பை எழுதாமல் விட்டால் அந்த ஊர் டாக்டர் தவறான மாத்திரையை எடுக்க வழி வைத்ததாகும்.

தைரோநார்ம் 50 தனி மருந்து, உள்ளே லெவோதைராக்சின் மட்டும்தான். ஆனால் சீட்டில் 50 என்றுதான் இருக்கிறது, 50 என்ன? மைக்ரோகிராம். மில்லிகிராம் என்று எழுதினால் ஆயிரம் மடங்கு. இந்த அலகைச் சுருக்கி எழுதும் வழக்கத்தையே விட்டுவிடுங்கள், முழுச் சொல்லாக எழுதுங்கள். அமெரிக்கக் குப்பியில் அதே மருந்து 0.05 மில்லிகிராம் என்றும் இருக்கக்கூடும், இரண்டும் ஒன்றுதான் என்று அந்த அம்மாவுக்கும் சொல்லி அனுப்பினேன்.

இப்போது இரண்டு முறை வந்த மருந்து. பான் டியில் பான்டோப்ரசோல் 40, டோம்பெரிடோன் 30. பான்டாசிட் 40 என்பது இன்னொரு கம்பெனியின் பான்டோப்ரசோல் 40. சுகர் டாக்டர் காலையில் ஒன்று எழுதினார், இதய டாக்டரும் காலையில் ஒன்று எழுதினார். அந்த அம்மா பல மாதமாக இரண்டையும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். இரண்டு அட்டைக்கும் நிறம் வேறு, அவருக்கு எப்படித் தெரியும்?

நான் என்ன செய்யவேண்டும்? ஒன்றை அடித்துவிடக் கை துறுதுறுத்தது. அடிக்கக்கூடாது. எந்த மருந்து வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்வது நம் வேலை இல்லை. இரண்டையும் இருந்தபடியே எழுதி, அடியில் 'மொழிபெயர்ப்பாளர் குறிப்பு: வரிசை 3-லும் 6-லும் ஒரே மருந்து வருகிறது, இரண்டு வெவ்வேறு மருத்துவர்கள் எழுதியவை' என்று சேர்த்தேன். கூடவே, புறப்படுவதற்கு முன்பே சுகர் டாக்டரிடம் இந்தக் குறிப்பைக் காட்டச் சொன்னேன். காட்டினார், ஒன்றை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

டோம்பெரிடோனைப் பற்றி இன்னொரு குறிப்பும் எழுதவேண்டியிருந்தது. அந்த மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதியே இல்லை. பிரிட்டனில் உண்டு, ஆனால் 2014 முதல் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 30 மில்லிகிராம், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று கட்டுப்பாடு. காரணம் இதயத் துடிப்பில் வரக்கூடிய கோளாறு. நம்மூரில் மாதக்கணக்கில் சாப்பிடும் மாத்திரை அங்கே கடையில் இல்லை என்பது தெரிந்தால்தான் அந்த அம்மா முதல் வாரமே திகைக்காமல் இருப்பார். ஆஸ்பிரினிலும் சின்ன வித்தியாசம் வரும்: நம் 75-க்குப் பதில் அமெரிக்காவில் 81 மில்லிகிராம்தான் வழக்கமான அளவு. அதற்காக நீங்கள் 81 என்று எழுதிவிடாதீர்கள். சீட்டில் இருப்பது 75, தாளிலும் 75. மாற்றுவது அந்த ஊர் டாக்டரின் கை.

அமெரிக்க மருந்துக்கடை இந்தியச் சீட்டுக்கு மருந்து தராது, மொழிபெயர்த்த தாளுக்கும் தராது. அங்கே உரிமம் பெற்ற மருத்துவர் புதிதாக எழுதவேண்டும். ஆகவே நம் தாளின் வாசகர் கடைக்காரர் அல்ல, டாக்டர். அவருக்குத் தேவை மருந்தின் முழு விவரம், எதற்காக, எப்போதிலிருந்து. இந்தக் கடைசி இரண்டும் சீட்டில் இருக்காது. நோயாளியிடம் கேட்டு, 'நோயாளி சொன்னபடி' என்று பிரித்து எழுதுங்கள்.

மூலப்பெயர் எழுதிவிட்டால் உலகம் முழுக்கப் புரியும் என்று பலர் எழுதுகிறார்கள். ஏறக்குறையத்தான் உண்மை. உலகச் சுகாதார நிறுவனம் 1953-லிருந்து சர்வதேச மூலப்பெயர்ப் பட்டியலை வெளியிடுகிறது, ஆனால் அமெரிக்கா சில பழைய மருந்துகளுக்குத் தன் சொந்தப் பெயரைக் கைவிடவில்லை. நம் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென். சால்பியூட்டமால் அல்பியூட்டரால். கிளிபென்கிளமைடு கிளைபியூரைடு. காசநோய் மருந்து ரிஃபாம்பிசின் அங்கே ரிஃபாம்பின். நெருக்கடி நேரத்து அட்ரினலினும் அங்கே எபிநெஃப்ரின்தான், ஆனால் சர்வதேசப் பட்டியலில் உள்ள பெயரும் அதுவே. அமெரிக்காவுக்குப் போகும் தாளில் இரண்டு பெயரையும் சாய்கோடு போட்டு எழுதுவது என் வழக்கம். அந்த அம்மாவின் டோலோவில் இதற்குத் தனி முக்கியத்துவம் இருந்தது. மகள் வீட்டில் வலிக்கு டைலனால் இருக்கும், இவர் பையில் டோலோ இருக்கும், இரண்டும் வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போட்டுக்கொள்வார்கள். உள்ளே இருப்பது ஒன்றே. அளவு மீறினால் கல்லீரல் கெடும். இதைத் தாளில் எழுதினால் போதாது, மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

கம்பெனி பெயரை அங்கே தேடினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2006-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. டிலாகோர் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்றது டில்டியாசெம் என்ற இரத்த அழுத்த மருந்து. செர்பியாவில் அதே பெயரில் விற்றது டிகாக்சின் என்ற இதய மருந்து. அமெரிக்கர் ஒருவர் செர்பியாவில் சீட்டைக் காட்டி டிலாகோர் வாங்கிச் சாப்பிட்டு, டிகாக்சின் நஞ்சாகி உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனார். சீட்டில் பெயர் சரி, கடைக்காரர் தந்ததும் சரி. பெயர்தான் ஊர் மாறியதும் ஆள் மாறிவிட்டது.

நம் நாட்டுக்குள்ளேயே பெயர்க் குழப்பம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2001-ல் காடிலா என்ற பெயரையே பகிர்ந்துகொண்ட இரண்டு கம்பெனிகள், ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்ற இரண்டு மலேரியா மருந்துப் பெயர்களுக்காக வழக்காடின. ஒன்றில் ஆர்டிசுனேட், மற்றதில் மெஃப்ளோகுவின். மருந்துப் பெயர் என்றால் குழப்பத்துக்குக் கொஞ்சமும் இடம் தரக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆகவே மங்கலான கையெழுத்தில் முதல் நான்கு எழுத்தை மட்டும் படித்துவிட்டு மீதியை நிரப்பாதீர்கள். படிக்க முடியாவிட்டால் 'படிக்க முடியவில்லை' என்றே எழுதுங்கள்.

அளவு, வேளை பற்றிய சுருக்கெழுத்துகளில் நான் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 'ஓ.டி.' என்று நம் டாக்டர்கள் எழுதினால் நாளுக்கு ஒரு முறை. அந்த அம்மாவின் கண் சீட்டிலும் ஓ.டி. இருந்தது. அங்கே அதன் பொருள் வலது கண். ஒரே பையில், ஒரே சுருக்கத்துக்கு இரண்டு பொருள். ஆகவே தாளில் எந்தச் சுருக்கமும் வேண்டாம்: 'காலையில் ஒரு மாத்திரை, வாயால்', 'இரவில் ஒரு மாத்திரை, வாயால்'. 1-0-1 என்பதையும் இப்படியே அவிழ்த்துவிடுங்கள். 'எஸ்.ஓ.எஸ்.' என்றால் அங்கே ஆபத்துக்கான கூக்குரல், 'தேவைப்பட்டால் மட்டும்' என்று எழுதுங்கள். சீட்டின் தேதியில் மாதத்தைச் சொல்லாக எழுதுங்கள். 05/06 என்றால் அவர்களுக்கு மே ஆறு.

எதிர்த்திசையில் வருபவர்களுக்கு வருவோம். ஆடிக் கிருத்திகை சமயத்தில் திருத்தணி மலையடிவாரம் காவடிக் கூட்டமாக இருக்கும். அறுபடை வீடு சுற்றி வரும் மலேசியத் தமிழர் ஒருவர், 365 படி ஏறி இறங்கிய களைப்பில் மாத்திரைப் பையை வேனிலேயே விட்டுவிட்டு, வேன் திருப்பதிக்குப் போய்விட்டது என்று நிற்பார். கைபேசியில் மருத்துவமனைச் சீட்டின் படம் இருக்கும். இது மொழிபெயர்க்கச் சுலபம், ஏனென்றால் அங்கே அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் மூலப்பெயரிலேயே எழுதுகிறார்கள்: கிளிக்ளசைடு எம்.ஆர். 60, பெரிண்டோப்ரில் 4, சிம்வாஸ்டாட்டின் 20.

சிக்கல் இரண்டு இடத்தில். 'எம்.ஆர்.' என்றால் மெதுவாக வெளிவிடும் வகை. அதை விட்டுவிட்டுக் கிளிக்ளசைடு 60 என்று கடையில் கேட்டால், 'அறுபது இல்லைங்க, எண்பது இருக்கு' என்று சாதா மாத்திரையை நீட்டக்கூடும். சாதா 80 என்பது எம்.ஆர். வகையில் 30-க்குச் சமம். எண் பெரிதாகத் தெரிந்தாலும் அவர் சாப்பிடுவதில் அது பாதிதான். அடுத்தது, சிம்வாஸ்டாட்டினுக்கு எதிரே உள்ள 'ஓ.என்.' இரவில் என்று பொருள். நம்மூர் ஆட்களுக்கு அந்தச் சுருக்கம் பழக்கமில்லை, ஓ.டி. என்று படித்துவிடுவார்கள்.

பெரிண்டோப்ரில் சின்ன ஊர்க் கடையில் இல்லாமலும் போகலாம். 'ராமிப்ரில் இருக்கு, ரெண்டும் ப்ரில்தானே' என்று யாராவது சொல்வார். பெயரின் வால் ஒன்றாக இருந்தால் மருந்து ஒரே குடும்பம் என்பது பெரும்பாலும் உண்மைதான். ப்ரில், சார்டான், ஸ்டாட்டின் என்று அந்த வால்களைத் தெரிந்துவைத்திருப்பது கோணல் கையெழுத்தைப் படிக்கக் கைகொடுக்கும். ஆனால் குடும்பம் ஒன்று என்பதால் அண்ணனுக்குப் பதில் தம்பியைக் கொடுக்கக்கூடாது, அளவே வேறு. அவரை அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள், மாற்று மருந்தை டாக்டர் எழுதட்டும். நம் தாள் கையில் இருந்தால் பேச்சு விரைவாக முடியும்.

தாளின் அமைப்பு இவ்வளவுதான். முதலில் சீட்டில் உள்ள கம்பெனி பெயர், 'இந்தியாவில் விற்கும் பெயர்' என்ற குறிப்புடன். அதை நீக்கிவிடாதீர்கள், நீங்கள் தவறியிருந்தால் சரிபார்க்க அதுதான் ஒரே தடயம். அதன் எதிரே மூலப்பெயர் ஒவ்வொன்றும் தனி வரியில், உப்பு, அளவு, அலகு, மெதுவாகக் கரையும் வகையா என்பது, வேளை. கடைசியில் உங்கள் குறிப்புகள், டாக்டரின் வார்த்தையோடு கலக்காமல். எழுதி முடித்ததும் வேறொருவரை அட்டையைப் படிக்கச் சொல்லி நீங்கள் தாளைப் பாருங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் தவறு தெரியாது.

ஒன்று பாக்கி. நம் மருந்துக்கடைகளில் பத்து மாத்திரை அட்டையிலிருந்து ஆறை மட்டும் வெட்டித் தருவது வழக்கம். பெயரும் பொடி எழுத்தும் உள்ள பக்கம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும், நோயாளி கையில் வெறும் வெள்ளித்தாள் வரும். வெளிநாடு போகிறவர் மருந்து வாங்கும்போது முழு அட்டையாகவே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.